நீட் மாணவர்களுக்கான உளவியல் உரையாடல்: கேள்விகளைத் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கு ஓர் உளவியலாளரை அழைத்து, "தேர்வு பயத்தைப் போக்குவது எப்படி?" என்று கேட்டால், நன்றாகத் தூங்குங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தன்னம்பிக்கையோடு இருங்கள் என்ற பதில்தான் வரும். அதை அவருடைய குறையாகச் சொல்ல முடியாது. அவ்வளவு பொதுவான கேள்விக்கு அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியர். நீட் எழுதும் பிளஸ் டூ மாணவர்களுக்காக இத்தகைய உரையாடல்களைச் சில ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். முதல் ஆண்டு வந்தவர் நன்றாகவே பேசினார், மாணவர்களும் கைதட்டினார்கள். ஆனால் அடுத்த வாரத்து மாதிரித் தேர்வில், முன்பு இயற்பியல் பகுதியில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்த அதே மாணவி மறுபடியும் அங்கேயே உறைந்துபோனாள். பேச்சாளரை மாற்றுவதைவிட நாம் கேட்கும் கேள்விகளை மாற்றுவதே முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு நான் பின்பற்றிவரும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: நாளையும் கேள்விகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்தல்

அரையாண்டுத் தேர்வு முடிந்து, செய்முறைத் தேர்வுகள் தொடங்காத ஜனவரி மாதம் இதற்குப் பொருத்தமானது. நீட் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் வருவதால், உரையாடலில் கேட்டதை மாணவர்கள் பல மாதிரித் தேர்வுகளில் செய்து பார்க்க இடமிருக்கும். ஏப்ரலில் நடத்தினால் ஆறுதல் சொல்வதற்கு மட்டுமே நேரம் மிஞ்சும்.

90 நிமிட நிகழ்ச்சியில் 30 நிமிடங்களைப் பேச்சுக்கும் மீதியைக் கேள்விகளுக்கும் ஒதுக்குங்கள். ஒரு கேள்விக்குத் துணைக்கேள்வியோடு சேர்த்து எட்டு நிமிடமாவது வேண்டும் என்பதால், ஆறு முதன்மைக் கேள்விகளும் கையிருப்பாக இரண்டும் போதும். இருபது கேள்விகளோடு மேடையேறினால் ஒன்றுக்கும் முழுப் பதில் கிடைக்காது.

இரண்டாம் படி: மாதிரித் தேர்வு நாளிலேயே சீட்டு வாங்குதல்

"உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்" என்று வகுப்பில் தாள் கொடுத்தால், "பயமா இருக்கு" என்ற இரண்டு சொற்களோடு சீட்டுகள் திரும்பி வரும். அதனால் மாதிரித் தேர்வு முடிந்து ஓ.எம்.ஆர். தாளை வாங்கிய உடனேயே, மாணவர்கள் எழுந்து போவதற்கு முன்பாக ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து இரண்டு வாக்கியங்களை முடிக்கச் சொல்லுகிறேன். முதலாவது, "இன்றைய தேர்வில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த நேரம் ..., அப்போது என் மனதில் ஓடியது ..." என்பது. இரண்டாவது, "நேற்று மாலை படிக்க உட்கார்ந்தபோது (அல்லது உட்கார முடியாதபோது) நடந்தது ..." என்பது. முதல் வாக்கியம் பதற்றத்தைப் பற்றியும் இரண்டாவது ஊக்கத்தைப் பற்றியும் செய்தி தரும். இரண்டிலும் நாம் கேட்பது நடந்த ஒன்றைத்தான். தன்னைப் பற்றிய தீர்ப்பை எழுதச் சொல்லவில்லை.

சீட்டில் பெயர் வேண்டியதில்லை. ஆனால் வகுப்பாசிரியருக்குத் தங்கள் கையெழுத்து தெரியும் என்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அவர்களுக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியரைக் கொண்டு சீட்டுகளை ஒரு துணிப்பையில் வாங்கச் செய்வது நல்லது. அவர் முன்கூட்டியே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "எழுதியது யார் என்று தேட மாட்டோம், உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் சீட்டு இருந்தால் மட்டும், அவருக்கு உதவுவதற்காகத் தேடுவோம்." இந்த விதிவிலக்கைப் பிறகு சொன்னால் அது ஏமாற்றுவதாகிவிடும்.

மூன்றாம் படி: சீட்டுகளைப் பிரித்தல்

முதலில் உளவியலுக்குத் தொடர்பில்லாத சீட்டுகளை ஒதுக்கி வையுங்கள். "தெரியாத கேள்விக்கு நெகட்டிவ் மார்க் பயத்துல விட்டுடலாமா?" என்ற சீட்டு ஒவ்வோர் ஆண்டும் வரும். இதற்குக் கணக்காசிரியரே பதில் சொல்லிவிடலாம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைவு என்பதால், நான்கு விடைகளில் ஒன்றையும் நீக்க முடியாமல் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண்தான் கிடைக்கும்; இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரையாக உயரும். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய இந்தக் கேள்விக்காக உளவியலாளரின் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மீதியுள்ளவற்றை நான்கு கட்டுகளாகப் பிரிக்கிறேன். முதல் இரண்டு கட்டுகளுக்கும் அடிப்படை, லீபெர்ட், மாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் செய்த பிரிவினை. தேர்வுப் பதற்றம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள், மனதில் ஓடும் கவலை ஒன்றும் உடலில் தெரியும் படபடப்பு ஒன்றுமாக இரண்டு கூறுகள் உள்ளன என்று அவர்கள் காட்டினார்கள். "ஃபெயில் ஆனா வீட்டுல எப்படி முகத்தைக் காட்டுவேன்னு ஓடிட்டே இருந்துச்சு" என்பது கவலை. "கை வேர்த்து ஓ.எம்.ஆர். நனைஞ்சிடுச்சு, நெஞ்சு அடிச்சுக்கிச்சு" என்பது படபடப்பு. மதிப்பெண் குறைவோடு கூடுதலாகத் தொடர்புடையது கவலைதான் என்பது பிற்கால ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. கணக்கை மனதில் பிடித்துக்கொண்டு போட வேண்டிய இடத்தைக் கவலை எடுத்துக்கொள்கிறது. மூச்சுப் பயிற்சி படபடப்பைத் தணிக்கலாம், ஆனால் "எப்படி முகத்தைக் காட்டுவேன்" என்ற எண்ணத்துக்கு அது பதிலாகாது. பொதுவான கேள்வியைக் கேட்டால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரித்துக் கேட்டால் பேச்சாளரும் பிரித்தே பதில் சொல்வார்.

மூன்றாவது கட்டு, பதற்றம் போலத் தோன்றினாலும் உண்மையில் படிக்கும் முறையில் குறையுள்ள சீட்டுகள். நான்காவது, விருப்பத்தைப் பற்றியவை: "அப்பா டாக்டர் ஆகணும்னு சொல்றார், எனக்கும் பிடிக்கும்னுதான் நினைக்கிறேன், ஆனா புக்கைத் திறந்தா மனசு வரல." பிரிக்கும்போது மிகவும் தடுமாற வைப்பது முதல் கட்டுக்கும் மூன்றாவது கட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். அதை ஒரு சீட்டின் வழியாகவே காட்டுகிறேன்.

நான்காம் படி: ஒரு சீட்டு கேள்வியாக மாறுவது

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "வீட்ல படிச்சா எல்லாம் தெரியுது. ஹால்ல பிளாங்க் ஆயிடுது." இதை அப்படியே மேடையில் கேட்டால், "பதற்றப்படாதீர்கள்" என்ற பதில் வரும். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் இருவேறு காரணங்கள் இருக்கலாம். அந்தப் பாடம் மாணவியின் நினைவில் இருந்தும் கவலையால் வெளியே வராமல் போயிருக்கலாம். அல்லது, புத்தகம் திறந்திருக்கும்போது பழக்கப்பட்ட வரிகளைப் பார்த்துத் "தெரியும்" என்று நினைத்துவிட்டு, புத்தகமில்லாமல் அதை ஒருமுறைகூட நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களைவிட ஐந்து நிமிடம் கழித்துச் சற்றுக் கூடுதலாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காட்டையும், மீண்டும் படித்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தார்கள். இரவு படித்து முடித்ததும் வரும் "எல்லாம் தெரியுது" என்ற நிறைவு உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் என்ன நினைவில் இருக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது.

எது காரணம் என்று கண்டுபிடிக்க வகுப்பறையிலேயே ஒரு வழி உண்டு. அந்தச் சீட்டை எழுதியவர் தாமாகவே முன்வந்ததால் இதை எங்களால் செய்ய முடிந்தது. மாதிரித் தேர்வில் அவர் தவறவிட்ட உயிரியல் வினாக்கள் 20. விடைக்குறிப்பை யாருக்கும் கொடுக்காமல், மறுநாள் ஆய்வகத்தில் அதே 20 வினாக்களைப் புத்தகமில்லாமல், நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் எழுதச் சொன்னோம். 14 சரியாக வந்தன, 6 வரவில்லை. அந்த 6 படிப்பு முறையின் குறை. அந்த 14 தேர்வறையில் தொலைந்தவை. இது ஆய்வுக்கூடத் துல்லியம் உள்ள சோதனையன்று. இரவில் அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம், தோழியிடம் கேட்டிருக்கலாம். ஆனாலும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை நேர்மாறாக, 6 வந்து 14 வராமல் போயிருந்தால், அவருக்கு உளவியலாளரைவிட வாராந்தரச் சிறுதேர்வுதான் தேவைப்பட்டிருக்கும்.

அந்த 14 எங்கே தொலைந்தன என்று தெரிந்துகொள்ள, அடுத்த மாதிரித் தேர்வில் ஒவ்வொரு 15 வினாக்களுக்கும் ஒருமுறை வினாத்தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறிக்கச் சொன்னோம். மொத்தம் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். அவர் இயற்பியலில் தொடங்கினார். அந்த 45 வினாக்களுக்கே 75 நிமிடங்கள் போயிருந்தன. கடைசியாக எழுதிய 45 உயிரியல் வினாக்களை 20 நிமிடத்துக்குள் குறித்திருந்தார். ஓரத்தில் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டே, "மிஸ், இங்கதான் மூணு கணக்கு தொடர்ந்து வரல. இந்த வருஷமும் போச்சுன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் ஒரே கேள்வியை நாலு தடவை படிச்சேன்" என்றார்.

இப்போதுதான் கேள்வி உருவாகிறது. நாங்கள் மேடைக்குக் கொண்டுபோனது இது: "இயற்பியல் பகுதியில் மூன்று வினாக்கள் தொடர்ந்து வராதபோது 'இந்த வருஷமும் போச்சு' என்ற எண்ணம் எழுகிறது; அதன் பிறகு ஒரே வினாவை மீண்டும் மீண்டும் படிக்கிறேன். அந்த எண்ணம் எழும் நிமிடத்தில் பேனாவைக் கீழே வைப்பதா, உயிரியலுக்குத் தாவிவிடுவதா, அந்த எண்ணத்தைக் கவனிக்காமல் தொடர்வதா? இவற்றில் எதை முதலில் செய்து பார்க்கலாம்? அது உதவுகிறதா என்பதை அடுத்த மாதிரித் தேர்வில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?"

இந்தக் கேள்வி இடத்தையும் எண்ணத்தையும் செயலையும் சொல்லி, சரிபார்க்கும் வழியையும் கேட்கிறது. கடைசிப் பகுதியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் பேச்சாளர் அறிவுரையோடு நிறுத்த முடியாது, அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று வந்தவர், வேறு பாடத்துக்குத் தாவும் முடிவை அந்த நிமிடத்தில் எடுக்காமல் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்: "இரண்டு வினா தொடர்ந்து வராவிட்டால் உயிரியலுக்குப் போவேன்" என்று வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தால், அதைச் செய்வது தோல்வியாகத் தோன்றாது. சரிபார்க்க, ஓரத்தில் குறிக்கும் அதே நேரங்கள் போதும்.

ஐந்தாம் படி: ஊக்கத்தைப் பற்றிய கேள்விகள்

"எங்களை மோட்டிவேட் பண்ணுங்க" என்று கேட்டால் வெற்றிக் கதைகள் கிடைக்கும். நமக்கு வேண்டியது, ஒரு மாணவரின் விருப்பம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் வழி. டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் ஊக்கத்தைப் பற்றிச் சொன்ன கோட்பாடு இங்கே உதவும். ஒருவர் படிப்பதற்குப் பரிசோ தண்டனையோ காரணமாக இருக்கலாம், படிக்காவிட்டால் தன்னையே மதிக்க முடியாது என்ற குற்ற உணர்ச்சி காரணமாக இருக்கலாம், அந்த இலக்கு தனக்கு முக்கியம் என்று தானே ஏற்றுக்கொண்டிருக்கலாம், படிப்பதே பிடித்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நால்வரும் மேசை முன் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதல் இரு வகையினர் ஒரு மோசமான மதிப்பெண்ணுக்குப் பிறகு எளிதில் நொறுங்கிப் போகிறார்கள்.

எனவே அந்த அப்பா சீட்டிலிருந்து உருவான கேள்வி இப்படி அமைந்தது: "அப்பாவின் ஆசையையே நானும் என் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படித்தான் என்று தெரிந்தால், தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அதை வீட்டில் எப்படிப் பேசுவது?" இரண்டாவது பாதியை மாணவர்கள் எழுதியிருக்கவில்லை, நான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால், விடை கிடைத்த பிறகு மாணவர் தனியாக நிற்க நேரும்.

ஆறு கேள்விகளில் ஒன்றாவது ஆசிரியர்களாகிய நம்மை நோக்கி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர்க் கட்டைகளை அடுக்குவதற்குப் பணம் பெற்ற கல்லூரி மாணவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரை முன்புபோல் எடுத்து விளையாடவில்லை. நாம் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் ஒட்டும் தரவரிசையும், முதல் மூன்று பேருக்குத் தரும் பரிசும், 40ஆவது இடத்தில் இருக்கும் மாணவனுக்கு என்ன செய்கின்றன என்று கேட்க நமக்கும் துணிவு வேண்டும். தரவரிசைக்குப் பதிலாக, அவரவரின் முந்தைய மூன்று மாதிரித் தேர்வுகளை மட்டும் அவரவர் கையில் கொடுத்தால் என்ன இழப்போம் என்பது எங்கள் ஐந்தாவது கேள்வியாக இருந்தது. தலைமையாசிரியரும் அரங்கில் இருந்ததால், அதற்குக் கிடைத்த பதில் அந்த வாரமே நடைமுறைக்கு வந்தது.

ஆறாம் படி: ஒரு வாரம் முன்னதாக அனுப்புதலும் சான்று கேட்டலும்

கேள்விகளைப் பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்னதாக அனுப்பி, எதற்கு வலுவான சான்று இருக்கிறது, எது அவருடைய அனுபவம் என்பதைப் பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். இந்தத் துறையில் மேடைதோறும் சொல்லப்படும் சில செய்திகள், சொல்லப்படும் அளவுக்கு உறுதியானவை அல்ல. மிதமான பதற்றம் நல்லது என்பதற்காகக் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள். அதற்கு மூலமாகச் சொல்லப்படும் யெர்க்ஸ், டாட்சன் ஆய்வு 1908இல் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்யப்பட்டது. பள்ளி மாணவரின் "சரியான பதற்ற அளவு" இவ்வளவு என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் உயர்ந்தது என்று 2011இல் ராமிரெஸ், பைலாக் ஆகியோர் வெளியிட்டது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் 2018இல் வெளியான மறுசோதனையில் அந்த விளைவு கிடைக்கவில்லை. எழுதிப் பார்ப்பதால் கெடுதல் இல்லை, மாதிரித் தேர்வில் முயன்று பார்க்கலாம். ஆனால் நீட் எழுதும் நாளில் முதன்முறையாக அதை முயலும்படி ஒரு பதில் வந்தால், ஒருங்கிணைப்பாளர் அங்கேயே துணைக்கேள்வி கேட்க வேண்டும்.

ஏழாம் படி: மேடைக்குப் போகக் கூடாத சீட்டு

வாழப் பிடிக்கவில்லை, எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன் என்ற பொருளில் ஒரு சீட்டு இருந்தால், அது கேள்விப் பட்டியலில் சேரக் கூடாது. உரையாடல் நாள் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் தெரிவித்து, எழுதியவரைக் கண்டறிந்து, அவருக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம்; அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாமல், பெற்றோரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் சேர்ப்பதுவரை உடன் இருக்க வேண்டும். நாடு முழுவதும் இயங்கும் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. எழுதியவரைக் கண்டறிய முடியாவிட்டால், யாரையும் சுட்டாமல், மறுநாள் காலையிலேயே எல்லா வகுப்புகளிலும் அந்த எண்ணையும், பள்ளியில் யாரிடம் எந்த நேரத்திலும் வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு முடிந்த பிறகும், வகுப்புக்கு வராதவர்களையும் ஒதுங்கி இருப்பவர்களையும் அடுத்த நாள்களில் கவனித்துக்கொண்டே இருங்கள்.

எட்டாம் படி: அன்றைய நாளும் அதற்குப் பிறகும்

கேள்விகளைப் படபடப்பில் தொடங்குங்கள். அதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. பிறகு கவலை, அதன் பிறகு படிப்பு முறை, அடுத்து விருப்பம், இறுதியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உரியவை. வீட்டைப் பற்றிய கேள்வியை முதலில் வைத்தால் அரங்கம் இறுகிவிடும். சீட்டு எழுதியவரே எழுந்து கேட்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்கட்டும். பதில் பொதுவாக நழுவும்போது கேட்க வேண்டிய துணைக்கேள்விகளை அட்டையில் எழுதி வைத்திருங்கள்: "அதை எத்தனை நிமிடம் செய்ய வேண்டும்?", "யாருக்கு இது பயன்படாது?", "பயன்படவில்லை என்று எத்தனை தேர்வுகளுக்குப் பிறகு முடிவு செய்யலாம்?" நல்ல பேச்சாளர்கள் இவற்றை வரவேற்பார்கள்; பலர் நன்றி சொன்னதும் உண்டு.

முடிவில் ஒவ்வொரு மாணவரும், கேட்டவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அடுத்த மாதிரித் தேர்வில் எப்போது செய்யப்போகிறார் என்பதோடு ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த மூன்று மாதிரித் தேர்வுகளிலும் முதலில் கொடுத்த அதே சீட்டையே மறுபடி கொடுங்கள். மேலே சொன்ன மாணவியின் மூன்றாவது வினாத்தாளில், இயற்பியலுக்கு நேராக 55 நிமிடம் என்று குறித்திருந்தது. மதிப்பெண் அந்த முறை பெரிதாக ஏறவில்லை. சீட்டில் மட்டும், "இந்தத் தடவையும் போச்சுன்னு தோணுச்சு, ஆனா பயாலஜிக்குப் போயிட்டேன்" என்று எழுதியிருந்தார்.